ஒரு ஏக்கர் கோடை நெல்லும் நானூறு லாரித் தண்ணியும்

கந்தர்வன் எழுதிய ‘தண்ணீர்’ சிறுகதை ஒன்பதாம் வகுப்புத் தமிழ்ப் பாடத்தில் இருக்கிறது. நம்ம திருவிடைமருதூர் பக்கத்துப் பிள்ளைகளும் படிக்கிறார்கள். படிச்சிட்டு, “அது ராமநாதபுரம் பக்கத்துக் கதை, அங்க தண்ணி கிடையாது” என்று புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். பெரியவர்களும் அப்படித்தான் நினைக்கிறோம். காவிரிக்குத் தென்கரையில் உட்கார்ந்துகொண்டு குடத்தோடு காத்துக் கிடக்கிற ஊரைப் பற்றிப் படிக்கும்போது, பரிதாபம் வருகிறதே தவிர பயம் வருவதில்லை. பயம் வரணும் என்பதுதான் என் கருத்து.

கதையைப் படிக்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். மழை பொய்த்துப் பொய்த்து, கிணறெல்லாம் உப்பாகிப்போன ஒரு ஊர். பெண்கள் பக்கத்து ஊர் ஊற்றுக்கு நடந்து போய்ச் சுரண்டி எடுத்து வருகிறார்கள். அதுவும் கைவிட்ட பிறகு, தினமும் வந்து நிற்கிற பாசஞ்சர் ரயிலுக்குக் காத்திருக்கிறார்கள். ரயில் நிற்கிற கொஞ்ச நேரத்துக்குள் பெட்டிக்குள் ஏறி, குழாயில் குடத்தைப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்திரா என்கிற பெண் ஒருநாள் குடம் நிறைகிற வரைக்கும் இறங்காமல் நிற்க, ரயில் கிளம்பிவிடுகிறது. ஊரே பதறித் தேடுகிறது. கடைசியில் அவள் தண்டவாளத்து ஓரமாகவே நடந்து வருகிறாள். இடுப்பில் நிறைகுடம். அதை எங்கேயும் கீழே வைத்துவிட்டு வரவில்லை.

ரயிலுக்குப் பதில் டேங்கர் லாரி என்று வைத்துப் பாருங்கள், கதை அப்படியே இன்றைக்குப் பொருந்தும். 2019 ஜூலையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலிலேயே தண்ணீர் போனது. ஐம்பது வேகன், ஒரு நடைக்கு 25 லட்சம் லிட்டர். கதையில் நடந்தது மாநிலத் தலைநகருக்கே நடந்தது.

கதையில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த ஊர் ஒரே நாளில் ரயிலடிக்குப் போய் நிற்கவில்லை. முதலில் சொந்தக் கிணறு போச்சு. பிறகு பக்கத்து ஊர் ஊற்று. அதற்குப் பிறகுதான் யாரோ ஒருவர் குறிக்கிற நேரத்துக்கு வருகிற வண்டி. ஊர் ஒவ்வொரு படியாக இறங்குகிறது. டெல்டாவில் நாம் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பார்ப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

லாரி வந்தால் என்ன கிடைக்கும்?

முதலில் லாரிக் கணக்கு. சாதாரணமாக ஓடுகிற தண்ணீர் லாரி ஒன்றில் 12,000 லிட்டர் பிடிக்கும். ஆயிரம் பேர் இருக்கிற கிராமம், 250 வீடு என்று வைத்துக்கொள்வோம். ஒரு நடை லாரி வந்தால் வீட்டுக்கு 48 லிட்டர். நம்ம பிளாஸ்டிக் குடம் 15 லிட்டர். ஆக, மூன்று குடம். நாலு பேர் குடிக்க, சமைக்க, பாத்திரம் கழுவ எல்லாவற்றுக்கும் அந்த மூன்று குடம்தான். மாட்டுக்கு அதில் பங்கு கிடையாது.

ஜல் ஜீவன் திட்டத்தில் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 55 லிட்டர் என்று வைத்திருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி இதே ஊருக்கு நாளைக்கு 55,000 லிட்டர் வேண்டும். கிட்டத்தட்ட ஐந்து லாரி. இந்த ஐந்து லாரியை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்ப நம்ம வயலுக்கு வருவோம். குறுகிய கால நெல்லுக்கு விதைப்பு முதல் அறுப்பு வரைக்கும் சுமாராக 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும் என்பது எல்லோரும் ஒத்துக்கொள்கிற கணக்கு. அதாவது வயல் முழுக்க நாலடி உயரத்துக்குத் தண்ணீர் நிறுத்தினால் எவ்வளவோ, அவ்வளவு. ஒரு ஏக்கருக்கு, நம்ம பேச்சில் மூணு மாவுக்கு, அது 48 லட்சம் லிட்டருக்கு மேல் வருகிறது. லாரிக் கணக்கில் நானூறு லாரி. ஆயிரம் பேர் இருக்கிற ஊர் முழு அளவில் எண்பத்தெட்டு நாள், அதாவது ஏறக்குறைய மூணு மாசம் குடிக்கிற தண்ணீர்.

ஆற்றில் தண்ணீர் வந்து, மடை திறந்து பாய்கிற குறுவையில் இந்த நானூறைப் பற்றி யாரும் கவலைப்பட வேண்டியதில்லை. அது வருகிற தண்ணீர். மாசி, பங்குனியில் நட்டு வைகாசியில் அறுக்கிற கோடை நெல் அப்படி இல்லை. மழை இல்லை, ஆறு மணலாகக் கிடக்கிறது. நானூறும் போரிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

“வயல்ல விட்ட தண்ணி எங்கங்க போயிடும்? கீழதான இறங்குது” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி சரிதான். விடுகிற தண்ணீரில் ஏறக்குறைய பாதி மண்ணுக்குள் இறங்குகிறது. அதில் ஒரு பங்கு மேல் ஊற்றுக்குத் திரும்ப வரவும் செய்யும். மீதிப் பாதி பயிர் வழியாகவும் வெயிலிலும் ஆவியாகப் போய்விடும். அது திரும்பாது. ஆகவே நியாயமாகப் பேசினாலும் ஏக்கருக்கு இருநூறு லாரி அந்த ஊரின் நிலத்தடியை விட்டே வெளியேறுகிறது. நம்ம பக்கத்துக் களிமண்ணில் இறங்குகிற பாதியும் மெதுவாகத்தான் இறங்கும். சித்திரையில் வற்றிய அடிபம்புக்கு அது சித்திரையிலேயே வந்து சேர்ந்துவிடாது.

இருபத்தைந்து அடிக் கோடு

நம்ம ஊர்களில் மேல் ஊற்றுத் தண்ணீர் மணல் படுகையில் நிற்கிறது. ஆற்றில், வாய்க்காலில், குளத்தில் தண்ணீர் நிற்கிற வரைக்கும் அது நிரம்பிக்கொண்டே இருக்கும். தை நடுவில் மேட்டூர் மூடினால், ஜூன் 12-க்கு மறுபடி திறக்கிற வரைக்கும் வரவு இல்லை, செலவு மட்டும்தான். திறப்பு தள்ளிப்போனால் செலவு நாள் கூடும். 2017-ல் அப்படித்தான் ஆச்சு. அதற்கு முந்தைய வடகிழக்குப் பருவமழை மோசமாகப் பொய்த்தது. 2017 ஜனவரியில் தமிழ்நாடு முழுவதையும் வறட்சி மாநிலமாக அறிவித்தார்கள். மேட்டூர் திறந்தது அக்டோபர் 2-ஆம் தேதி. அத்தனை மாதமும் டெல்டா நிலத்தடியிலிருந்து எடுத்துத்தான் ஓடியது.

அந்த மாதிரிக் கோடையில் முதலில் யாருக்குத் தண்ணீர் நிற்கிறது என்று பாருங்கள். வீட்டுக் கொல்லையில் இருக்கிற சாதாரண அடிபம்பு தண்ணீரைக் காற்று இழுப்பில் மேலே கொண்டுவருகிறது. அந்த இழுப்பு இருபத்தைந்து அடிக்கு மேல் வேலை செய்யாது. இது பம்பின் கோளாறு இல்லை, காற்றழுத்தத்தின் எல்லை. புது வாஷர் போட்டாலும் மாறாது. தரையில் உட்காருகிற மோட்டாருக்கும் இதே எல்லைதான். ஆனால் போருக்குள் இறக்குகிற நீர்மூழ்கி மோட்டாருக்கு இந்தக் கோடு கிடையாது. அது கீழே இருந்து தள்ளுகிறது.

நீர்மட்டம் இருபது அடியிலிருந்து முப்பது அடிக்கு இறங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நீர்மூழ்கி போட்டிருக்கிற விவசாயிக்குக் குழாயில் வருகிற தண்ணீரில் பெரிய வித்தியாசம் தெரியாது. மின்சாரம் இலவசம் என்பதால் பில்லிலும் தெரியாது. அதே பத்தடியில் தெரு முழுக்க அடிபம்பு செத்துப்போகும். எடுக்கிறவனுக்குச் சேதி தெரிவதற்கு முன்னால் குடம் வைத்திருக்கிறவளுக்குத் தெரிந்துவிடும். தண்ணீரே இல்லாத ஊருக்குத்தான் லாரி வரும் என்று எண்ண வேண்டாம். முப்பது அடியில் தண்ணீர் இருக்கிற ஊருக்கும், அதை எடுக்கிற கருவி இல்லாத வீடுகளுக்காக லாரி வரும்.

பஞ்சாயத்து மேல்நிலைத் தொட்டிக்கு ஆழமான போர் இருக்கிறதே என்று சொல்லலாம். இருக்கிறது. ஆனால் அதே போருக்குப் பக்கத்தில் கோடை நெல்லுக்கு இரண்டு மூன்று மோட்டார் ஓடினால், தொட்டி நிரம்ப எடுக்கிற நேரம் கூடிக்கொண்டே போகும். கடைசித் தெருக் குழாய்க்குத் தண்ணீர் ஏறாது.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. ஊரில் புழக்கத்தில் உள்ள ஒரு திறந்த கிணற்றில், மாதம் ஒரு தடவை, அதே தேதியில், காலையில் மோட்டார் எதுவும் ஓடாத நேரத்தில் கயிற்றில் கல்லைக் கட்டி விட்டு அளந்து எழுதி வையுங்கள். அடிபம்பில் எத்தனையாவது அடிக்குத் தண்ணீர் வருகிறது என்று பெண்களைக் கேளுங்கள். ஐந்து அடிக்கு வந்தது இருபது அடிக்கு வருகிறது என்றால் மட்டம் கோட்டை நெருங்குகிறது. பகலில் வராமல் விடியற்காலையில் மட்டும் வருகிறது என்றால், பக்கத்து மோட்டார் இழுக்கிறது. ஒரு ராத்திரி அந்த மோட்டாரை நிறுத்தி, மறுநாள் கிணற்றை அளந்தால் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பது தெரிந்துவிடும். சந்தேகம், சண்டை எதுவும் வேண்டாம்.

உங்கள் மோட்டார் எவ்வளவு எடுக்கிறது என்பதையும் ஒரு தடவை அளந்து பாருங்கள். 200 லிட்டர் டிரம்மை மோட்டார் குழாயடியில் வையுங்கள். இருபது வினாடியில் நிறைந்தால் மணிக்கு 36,000 லிட்டர். மூன்று லாரி. ஊருக்கு ஒரு நாள் முழுக்கத் தேவையான ஐந்து லாரி, ஒரு மோட்டார் இரண்டு மணி நேரம்கூட ஓடாமல் எடுத்துவிடுகிற தண்ணீர்.

எங்கே மிச்சம் பிடிக்கலாம்

“அப்ப நெல்லே போடக் கூடாதுங்கிறீங்களா?” என்று ஒரு கூட்டத்தில் என்னைக் கேட்டார்கள். நான் அப்படிச் சொல்லவில்லை. சம்பா நம்ம பயிர். ஆறு வந்தால் குறுவையும் நம்ம பயிர். கோடையில் போரை மட்டும் நம்பி நெல் போடுவது வேறு விஷயம். அதில் விற்கிற நெல்லுக்கு உள்ள விலையில் அந்தத் தண்ணீருக்கு ஒரு பைசாகூடக் கணக்கு இல்லை.

டெல்டாவில் கோடைக்கென்று நமக்கு ஏற்கனவே ஒரு பயிர் இருக்கிறது. சம்பா அறுப்புக்கு ஏழு பத்து நாள் முன்னால், மெழுகுப் பதத்தில் ஈரம் இருக்கும்போது நிற்கிற நெல்லுக்குள்ளேயே உளுந்தையோ பயறையோ தெளித்துவிடுவது. உழவு இல்லை, பாய்ச்சல் இல்லை. மண்ணில் மிஞ்சிய ஈரத்திலும் பனியிலும் அது வளர்கிறது. நானூறு லாரிக்குப் பதில் பூஜ்யம். ஈரம் பிந்தினால் முளைப்பு குறையும், தண்ணீர் தேங்கினால் விதை அழுகும். அதனால் அறுப்பு நாளைச் சரியாகக் கணிப்பதும், வடிகாலைத் திறந்து வைப்பதும் முக்கியம். மிஷின் அறுப்பில் டயர் பட்டு முளை நசுங்குகிறது என்பது உண்மையான சிக்கல். வயல் கொஞ்சம் இறுகிய பிறகு வண்டியை இறக்குவதும், ஒரே தடத்தில் ஓட்டச் சொல்வதும் சேதத்தைக் குறைக்கும். தெளிக்கிற காலம் தாண்டிவிட்டால் எள் இருக்கிறது. அதற்கும் நெல்லுக்கு ஆகிற தண்ணீரில் சிறு பங்குதான்.

போர்த் தண்ணீரில் நெல் போட்டே ஆக வேண்டிய நிலையில் இருப்பவர்களுக்குக் காய்ச்சலும் பாய்ச்சலும்தான் வழி. எல்லோரும் பேசுகிறோம், ஆனால் கண் மட்டத்தில் செய்கிறோம். ஓரடி நீளத்தில், நாலு முதல் ஆறு அங்குல அகலத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயை எடுத்து, கீழ்ப் பாதியில் சுற்றிலும் ஓட்டை போட்டு, பாதி மண்ணுக்குள் இருக்கிற மாதிரி வயலில் இறக்குங்கள். உள்ளே இருக்கிற மண்ணை அள்ளிவிடுங்கள். பாய்ச்சினால் இரண்டு அங்குலம் நிறுத்துங்கள். வயல் காய்ந்து, குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்குக் கீழே ஆறங்குலம் இறங்கிய பிறகுதான் அடுத்த பாய்ச்சல். நட்டு முதல் இரண்டு வாரமும், பூக்கிற சமயத்தில் முன்னும் பின்னும் ஒரு வாரமும் இதைச் செய்யக் கூடாது, அப்போது தண்ணீர் நிற்க வேண்டும். களிமண்ணில் இன்னொரு எச்சரிக்கை: வெடிப்பு விழ விடாதீர்கள். வெடித்துவிட்டால் அடுத்து விடுகிற தண்ணீர் வெடிப்பு வழியாகவே இறங்கி, மிச்சம் பிடித்ததெல்லாம் போய்விடும்.

ஒழுங்காகச் செய்தால் பாய்ச்சும் தண்ணீரில் கால் பங்கு வரைக்கும் மிஞ்சும். ஏக்கருக்கு நூறு லாரி. மகசூல் குறையாது.

குளத்தில் நிற்பது

செலவைக் குறைத்தால் மட்டும் போதாது, வரவும் வேண்டும். ஒரு ஏக்கர் பரப்பில் ஐந்தடி தண்ணீர் நிற்கிற ஒரு ஊர்க்குளம் அறுபது லட்சம் லிட்டர் பிடிக்கும். ஐநூறு லாரி. அதில் ஆவியாகிறது போக, மண்ணுக்குள் கசிகிறதுதான் சுற்றியுள்ள கிணற்றையும் அடிபம்பையும் கோட்டுக்கு மேலே தாங்கிப் பிடிக்கிறது.

குளம் தூர்வாரும்போது பெரும்பாலும் நடுவில் மட்டும் ஆழமாகத் தோண்டிவிட்டுப் போகிறார்கள். ஆழத்தைவிட முக்கியம் வரத்து வாய்க்கால். ஆற்றில் தண்ணீர் வருகிற ஐந்தாறு மாதத்தில் அது குளத்துக்குள் வரவில்லை என்றால், பள்ளம் எவ்வளவு பெரிசாக இருந்தும் பயனில்லை. தண்ணீர் திறக்கிறதுக்கு முன்னால், வாய்க்கால் தலைப்பிலிருந்து குளத்து மதகு வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்கள். எங்கே குப்பை அடைத்திருக்கிறது, எங்கே குழாய் சின்னதாகப் போட்டிருக்கிறது, எங்கே மனைக்கட்டு ஏறியிருக்கிறது என்பது நடந்தால்தான் தெரியும்.

எவ்வளவு தோண்டுவது என்பதற்கும் அளவு உண்டு. ராமநாதபுரம் பக்கத்தில் ஊருணியை அடிக்களி தாண்டித் தோண்டினால் கீழே இருக்கிற உப்புத் தண்ணீர் ஏறிவிடும். நல்ல ஊருணி கெட்டுப்போகும். நம்ம பக்கத்திலும் கிழக்கே கடலை நோக்கிப் போகப் போக இந்த ஆபத்து கூடுகிறது. உள்பக்கக் குளங்களில் களி தாண்டி மணல் தெரிகிற வரைக்கும் வெட்டினால், தண்ணீர் கோடை வரைக்கும் நிற்காது. மாடு குடிக்கக் குளமும் வேண்டும், ஊற்றும் வேண்டும் என்றால் வண்டலை மட்டும் எடுக்க வேண்டும். அந்த வண்டல் நம்ம வயலுக்கு உரம்.

யாரைக் குறை சொல்வது?

நம்ம வட்டத்து வடக்கு ஓரத்தில் அணைக்கரை இருக்கிறது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836-ல் கட்டிய கீழணை. அங்கிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குத் தண்ணீர் போகிறது. 2004 முதல் வீராணத்திலிருந்து குழாயில் சென்னைக்குப் போகிறது. ராமநாதபுரத்துக்கும் திருச்சிப் பக்கத்துக் காவிரியிலிருந்து கூட்டுக் குடிநீர்க் குழாய் போகிறது. கந்தர்வன் எழுதிய ஊர்களுக்கு நம்ம ஆற்றுத் தண்ணீர் போகிறது என்பதில் எனக்கு வருத்தம் இல்லை. குடிக்கிற தண்ணீருக்கு முதல் உரிமை. இந்திராவின் குடத்துக்குக் காவிரி போகட்டும்.

அதே நியாயத்தை நம்ம தெருவுக்கும் வைக்கணும் என்பதுதான் என் வாதம். மணல் எடுத்தவர்களையும், திறப்பைத் தள்ளிப்போட்டவர்களையும், பக்கத்து மாநிலத்தையும் எதிர்த்துப் போராடுகிறோம். போராட வேண்டியதுதான். ஆனால் ஊருக்குள் கோடையில் யார் எவ்வளவு எடுப்பது என்பதை நமக்கு வெளியே இருந்து யாரும் முடிவு செய்வதில்லை. அதை நாமே முடிவு செய்யலாம். கிராம சபையில் தீர்மானமாக எழுதலாம்: கிணற்று மட்டம் இருபது அடியைத் தொட்டால், குடிநீர்ப் போருக்குப் பக்கத்திலுள்ள பாசன மோட்டார்கள் தொட்டி நிரம்புகிற நேரத்தில் ஓடக் கூடாது. அடுத்த கோடைக்கு அந்தப் பகுதியில் நெல்லுக்குப் பதில் உளுந்து. கூட்டத்தில் தண்ணீர் எடுக்கிற பெண்களைக் கணக்குச் சொல்லச் சொல்லுங்கள். எத்தனையாவது அடிக்குத் தண்ணீர் வந்தது என்பது அவர்களுக்குத்தான் தெரியும்.

உளுந்துக்கு மாறுகிற விவசாயிக்கு நட்டம் வந்தால் அதை அவர் ஒருவரே சுமக்கக் கூடாது. நெல்லுக்கு இருக்கிற மாதிரி உளுந்துக்கும் பக்கத்திலேயே கொள்முதல் வேண்டும் என்று நம்ம இயக்கம் கேட்க வேண்டும். ஊருக்கு லாரி விடுகிற செலவை அரசு ஏற்கிறது. லாரி தேவைப்படாமல் செய்கிறவனுக்கு அதில் ஒரு பங்கைக் கொள்முதல் விலையாகக் கொடுப்பது பெரிய காரியம் இல்லை.

லாரி தண்ணீரை உண்டாக்குவதில்லை. வேறொரு ஊரின் போரிலிருந்துதான் கொண்டுவருகிறது. அந்த ஊரிலும் இருபத்தைந்து அடிக் கோடு ஒன்று இருக்கிறது, அங்கேயும் அடிபம்பை அடித்து எண்ணிக்கொண்டிருக்கிறவர்கள் இருக்கிறார்கள். இந்த மாசியில் நாற்றங்காலுக்கு மோட்டார் போடுவதற்கு முன்னால், உங்கள் ஊர்க் கிணற்றை ஒரு தடவை கயிறு விட்டு அளந்துவிடுங்கள்.